மொட்டை மாடியில் நிற்கும் மூன்றடிக் கம்பி

தமிழ்நாட்டில் எந்தத் தெருவுக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்த்தாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். கட்டி முடித்துக் குடிபோன வீட்டின் மொட்டை மாடியில், பில்லர்களின் உச்சியில், ஐந்தாறு கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். பையனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்ற நினைப்பில் விட்டு வைத்தவை. அதுவரை அவற்றில் கொடிக்கயிறு கட்டித் துணி காயப்போடுவார்கள்.

அந்தக் கம்பிகளில் ஓர் அடி நீட்டம் உண்டு, இரண்டடி உண்டு, அபூர்வமாக மூன்றடியும் உண்டு. நாளை வரப்போகும் கம்பி அதன் பக்கத்தில் ஒட்டி நின்று சேர வேண்டிய நீளம் அது. கட்டட வேலையில் இதற்கு லேப் என்று பெயர். பில்லரிலும் பீமிலும் கம்பி எங்கெல்லாம் முடிந்து அடுத்த கம்பி தொடங்குகிறதோ, அங்கெல்லாம் இப்படி ஒரு நீளம் இரட்டைக் கம்பியாக ஓடுகிறது. கான்கிரீட் போட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கம்பிக் கடையின் பில்லில் மட்டும் தெரியும்.

வீட்டுக்காரர்களுக்கும் கம்பி கட்டுகிறவர்களுக்கும் வரும் சண்டைகளில் பாதி இந்த இடத்தில்தான் முளைக்கிறது. "வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன், ஒரு டன்கூட வரவில்லையே, நீங்கள் எப்படி ஒன்றேகால் டன் கேட்கிறீர்கள்?" என்பார் வீட்டுக்காரர். "லேப் எல்லாம் இருக்கில்ல சார்" என்பார் மேஸ்திரி. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. லேப்புக்கு எவ்வளவு என்று மட்டும் யாரும் உட்கார்ந்து எண்ணியிருக்க மாட்டார்கள்.

எதற்கு அவ்வளவு நீளம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். இரண்டு கம்பிகளைச் சேர்த்து வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கி முறுக்கிவிட்டால் அவை ஒன்றாகிவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள். கட்டுக்கம்பிக்கு அந்த வேலையே கிடையாது. கான்கிரீட் கொட்டும்போது கம்பி நகராமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. பளுவை ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குக் கொண்டுபோவது நடுவில் இருக்கும் கான்கிரீட். முறுக்குக் கம்பியின் மேல் இருக்கும் வரிகளைக் கான்கிரீட் கவ்விப் பிடிக்கிறது. ஒரு கம்பி தன் இழுவையைக் கான்கிரீட்டிடம் கொடுக்க, கான்கிரீட் அதைப் பக்கத்துக் கம்பியிடம் கொடுக்கிறது. கவ்வுவதற்குப் போதுமான நீளம் இல்லாவிட்டால் கம்பி அறுவதற்கு முன்பே வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

எவ்வளவு நீளம் போதும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456 ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வீடுகளில் சாதாரணமாகப் போடும் எம்20 கான்கிரீட், எஃப்இ 500 ரகக் கம்பி, 16 எம்எம் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒற்றைக் கம்பி தாங்கலாம் என்று வடிவமைப்பில் அனுமதிக்கும் இழுவை ஏறக்குறைய 8,900 கிலோ. அதைச் சுற்றியுள்ள எம்20 கான்கிரீட், ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய 98 கிலோவைப் பிடித்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 8,900ஐ 98ஆல் வகுத்தால் 91 சென்டிமீட்டர் வருகிறது. அதாவது மூன்றடி. பொறியாளர்கள் இதையே கம்பித் தடிமனைப் போல 57 மடங்கு என்று சொல்வார்கள்.

வேலை நடக்கும் இடங்களில் காதில் விழுவது "பில்லருக்கு இரண்டடி லேப் போதும்" என்பதுதான். இரண்டடி என்றால் 61 சென்டிமீட்டர். அதே கணக்கில் அது 6,000 கிலோவைத்தான் பிடிக்கும், மூன்றில் இரண்டு பங்கு. இரண்டடிப் பழக்கம் வானத்திலிருந்து விழுந்ததில்லை. முன்பு எஃப்இ 415 ரகக் கம்பி ஓடிய காலத்தில் இதே எம்20 கான்கிரீட்டில் 47 மடங்கு, அதாவது இரண்டரை அடி போதுமாக இருந்தது. பில்லரில் அமுக்கம் மட்டும்தான், இழுவையே இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் இன்னும் குறைக்கலாம். பின்னர் கம்பி மாறியது, வாய்ப்பாடு மாறவில்லை. வலுக்கூடிய கம்பி என்றால் லேப் குறையும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. நடப்பது அதற்கு நேர்மாறு. எஃப்இ 550ன் முழு வலுவையும் நம்பிக் கம்பியின் எண்ணிக்கையைக் குறைத்திருந்தால், 16 எம்எம்முக்கு லேப் ஒரு மீட்டரைத் தொடும். லேப்பைக் குறைக்க வேண்டுமானால் நல்ல கான்கிரீட் போட வேண்டும். எம்25 என்றால் அதே எஃப்இ 500 கம்பிக்கு 78 சென்டிமீட்டரில் முடிந்துவிடும்.

இனி எடைக்கு வருவோம். கம்பியின் எடைக்கு எல்லோரும் வைத்திருக்கும் சூத்திரம் எளியது. எம்எம்மில் உள்ள தடிமனை அதே தடிமனால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். 16 எம்எம் என்றால் 1.58 கிலோ. ஒரு லேப்புக்கு 91.5 சென்டிமீட்டர் என்று வைத்தால் எடை 1.45 கிலோதான். கையில் தூக்கிப் பார்த்தால் ஒரு பொருட்டே இல்லை.

ஒரு வீட்டின் மேல் இதை வைத்துப் பார்க்கலாம். தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீடு, 12 பில்லர், ஒவ்வொன்றிலும் ஆறு 16 எம்எம் கம்பி. பூட்டிங்கில் மடக்கி வைக்கும் எல் வடிவத்துக்கு 30 சென்டிமீட்டர், பூட்டிங்கிலிருந்து பேஸ்மட்டம் வரை 2.1 மீட்டர், மேலே இரண்டு தளங்களுக்கு மூன்று மூன்று மீட்டர். ஆக ஒரு கம்பியின் நிகர நீளம் 8.4 மீட்டர். இப்படி 72 கம்பிகள். எடை 956 கிலோ. வீட்டுக்காரர் போட்ட "ஒரு டன்கூட வராத" கணக்கு இதுதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை, கம்பி எங்கேயும் அறுபடாமல் அடியிலிருந்து உச்சிவரை ஓடினால்.

எல்லாப் பில்லரிலும் எல்லாக் கம்பியிலும் ஓர் இணைப்பு வந்தால் 72 லேப். மொத்தம் 104 கிலோ, அதாவது நூற்றுக்கு 11. கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஓர் அடுக்கு லேப்பின் விலை 6,200 ரூபாய்க்கு மேல். அந்த அடுக்கு எத்தனை முறை வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

வழக்கமான வேலையில் மூன்று முறை வருகிறது. பூட்டிங்கிலிருந்து கிளம்பும் துண்டு பேஸ்மட்டத்துக்கு மேல் மூன்றடியில் நின்றுவிடும், அங்கே ஒரு லேப். தரைத்தளக் கம்பி முதல் தளத்தைத் தாண்டி நிற்கும், அங்கே இரண்டாவது. மொட்டை மாடிக்கு மேல் எதிர்காலத்துக்கென்று விடுவது மூன்றாவது. 312 கிலோ கூடி, 956 கிலோ 1,268 ஆகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். "எல்லாவற்றுக்கும் மேலே அஞ்சு பர்சென்ட் சேர்த்துக்கங்க" என்று சொல்லும் பழக்கம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இந்த ஒரு பில்லர் கணக்கே போதும்.

தளத்துக்குத் தளம் வெட்டுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. பூட்டிங்கில் ஏழு மீட்டர்க் கம்பியை நிறுத்தினால் அது காற்றில் ஆடும், சாரத்தில் கட்டிப் பிடிக்க ஆள் வேண்டும், ரிங்கை மேலிருந்து கோக்க வேண்டும். நான்கு மீட்டர்த் துண்டு கைக்கு அடக்கம்.

இதற்கும் மேலே ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. கம்பிகள் பொதுவாக 12 மீட்டர் நீளத்தில் வருகின்றன, நாட்டு வழக்கில் நாற்பது அடி. அதை எப்படித் துண்டு போடுகிறோம் என்பது லேப்போடு பின்னிப் பிணைந்த கணக்கு. மேலே சொன்ன வழக்கமான முறையில் அடித்துண்டு 3.3 மீட்டர். ஒரு முழுக் கம்பியில் மூன்று கிடைக்கும், இரண்டு மீட்டர் மிச்சம் விழும். தளத்துண்டு 3.9 மீட்டர். அதிலும் மூன்று கிடைக்கும், மிச்சம் ஒரு சாண். எண்ணிப் பார்த்தால் 72 முழுக் கம்பிகள் வாங்க வேண்டும். எடை மேடையில் ஏறுவது 1,365 கிலோ. வரைபடத்தின் நிகரக் கணக்குக்கும் இதற்கும் 400 கிலோவுக்கு மேல் வித்தியாசம்.

அதே வீட்டை வேறு விதமாக வெட்டலாம். அதற்கு லேப் எங்கே இருக்க வேண்டும் என்று விதி சொல்வதைப் பார்க்க வேண்டும். நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான ஐஎஸ் 13920 பில்லரின் லேப்பைத் தளத்துக்கு ஒட்டி வைக்கக் கூடாது என்கிறது. பில்லர் ஆடும்போது அதிகம் வளைவது அடியும் தலையும்தான். அதனால் லேப் நடுப்பாதி உயரத்துக்குள் வர வேண்டும். ஒரே இடத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் இணைக்கவும் கூடாது. ஐஐடி கான்பூரில் பேராசிரியர் சி.வி.ஆர். மூர்த்தி எளிய படங்களோடு எழுதிய நிலநடுக்கக் குறிப்புகளிலும் இது இருக்கிறது. நம் வேலைகளில் பெரும்பாலும் தளம் போட்ட மறுநாள், அந்தத் தளத்தின் மேலேயே, ஆறு கம்பிகளுக்கும் ஒரே மட்டத்தில் லேப் விழுகிறது. எந்த இடத்தில் கூடாது என்கிறார்களோ சரியாக அதே இடம்.

மூன்று மீட்டர்த் தளத்தில் பீம் போக உயரம் 2.7 மீட்டர், அதன் நடுப்பாதி 1.35 மீட்டர். மூன்றடி லேப் ஒன்று அதற்குள் அடங்கும், தள்ளித் தள்ளி இரண்டு வரிசை அடங்காது. ஆகவே ஆறு கம்பிகளில் மூன்றைத் தரைத்தளத்தின் நடுவிலும் மற்ற மூன்றை முதல் தளத்தின் நடுவிலும் இணைக்கலாம். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரே ஒரு லேப், மொட்டை மாடியில் ஒரு நீட்டம். நான்கு விதத் துண்டுகள் வருகின்றன. கீழே நிற்பவை 4.3 மீட்டரும் 7.3 மீட்டரும், மேலே சேர்பவை 5.9 மீட்டரும் 2.9 மீட்டரும்.

இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். 7.3ம் 4.3ம் சேர்ந்தால் 11.6, ஒரு முழுக் கம்பி. இரண்டு 5.9 சேர்ந்தால் 11.8, இன்னொரு முழுக் கம்பி. நான்கு 2.9 சேர்ந்தாலும் 11.6தான். மிச்சமாக விழுவதெல்லாம் ஒன்றரை அடிக்கும் குறைவான துண்டுகள். முதல் வகையில் 36 கம்பி, இரண்டாவதில் 18, மூன்றாவதில் 9. மொத்தம் 63 கம்பிகளில் வேலை முடிகிறது. 72க்கும் 63க்கும் இடையே ஒன்பது முழுக் கம்பிகள், 171 கிலோ. இத்தனைக்கும் லேப்பின் நீளத்தில் ஓர் அங்குலம்கூடக் குறைக்கவில்லை. எல்லா வீட்டிலும் எண்கள் இவ்வளவு அழகாகப் பொருந்தாது என்பதும் உண்மைதான். ஆனால் வெட்டுவதற்கு முன் தாளில் எழுதிப் பார்த்த வீட்டுக்கும் பார்க்காத வீட்டுக்கும் வித்தியாசம் இந்த அளவில்தான் இருக்கும்.

சின்ன ஓர் எடையை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். லேப் உள்ள நீளம் முழுவதும் ரிங் நெருக்கமாக, 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல் வர வேண்டும். கம்பி வழுக்கத் தொடங்கும்போது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும், அந்தப் பிளவைக் கட்டிப் பிடிப்பது ரிங். ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலப் பில்லரில் ஓர் 8 எம்எம் ரிங் 350 கிராம் சுமாருக்கு வரும். ஒரு லேப்புக்கு நான்கு ரிங் கூடினால் ஒன்றரை கிலோ, இன்னொரு லேப் கம்பி சேர்ந்த மாதிரி. இரண்டு தளத்திலும் லேப் பிரிந்திருப்பதால் இது இரண்டு தடவை வரும். 12 பில்லருக்கும் சேர்த்து 35 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

பீமின் கதை வேறு. அங்கே கம்பி படுத்திருக்கிறது, ஆடுமே என்ற பயம் இல்லை, நாற்பது அடியையும் முழுசாக நீட்டிவிடலாம். பல வீடுகளில் பீமின் நீளமே நாற்பது அடிக்குள் இருப்பதால் லேப்பே வராது. நீளமான ஒன்றை எடுத்துக்கொண்டால், மூன்று கண்ணாக ஓடும் 14.4 மீட்டர்ப் பீம், மேலே இரண்டு, கீழே இரண்டு 16 எம்எம் கம்பி. இரு முனை மடக்கோடு ஒரு கம்பிக்கு 15 மீட்டர், ஒரே ஒரு லேப். எடை ஏற்றம் நூற்றுக்கு ஆறு. அதையே கிடக்கும் துண்டுகளை ஒட்டி மூன்று இடத்தில் இணைத்தால் பதினெட்டைத் தாண்டிவிடும். "துண்டை வீணாக்க வேண்டாமே" என்ற சிக்கனம் அங்கே இரட்டிப்புச் செலவாகிறது, ஒட்டும் ஒவ்வொரு இடத்திலும் மூன்றடிக் கம்பி சும்மா கூடப் படுத்திருக்கிறது.

பீமில் இடம் தப்புவதுதான் பெரிய ஆபத்து. கீழ்க்கம்பி அதிகம் இழுபடுவது கண்ணின் நடுவில், மேல்கம்பி அதிகம் இழுபடுவது பில்லரின் மேல். ஆகவே மேல்கம்பியை நடுவிலும் கீழ்க்கம்பியைப் பில்லர் பக்கமாகவும் இணைக்க வேண்டும். பில்லருக்கு ஒட்டியும் வைக்கக் கூடாது, பீமின் ஆழத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். நம் 14.4 மீட்டர்ப் பீமில் 12 மீட்டர்க் கம்பியை அப்படியே நீட்டினால் அதன் முனை மூன்றாவது கண்ணில், நடுவை எட்டும் தூரத்தில் போய் நிற்கும். மேல்கம்பிக்கு அது பொருத்தமான இடம். கீழ்க்கம்பிக்கு ஒன்றரை அடி பின்வாங்க வேண்டும், அதற்காக முழுக் கம்பியில் ஒன்றரை அடி வெட்ட வேண்டும். அந்த வெட்டைத் தவிர்ப்பதற்காகத்தான் பல பீம்களில் கீழ்க்கம்பியின் லேப் நடுவை நோக்கி நகர்ந்திருக்கும்.

இன்னொன்று, கவர் பிளாக். சின்னக் கான்கிரீட் வில்லைதானே என்று அலட்சியமாக விடும் பொருள். கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் கம்பியின் தடிமனைப் போல இரண்டு மடங்குக்குக் கீழே போய்விட்டால், பீமின் மேல்கம்பிக்கு லேப்பை 1.4 மடங்காக நீட்டச் சொல்கிறது ஐஎஸ் 456. அது மூலைக் கம்பியாகவும் இருந்தால் இரண்டு மடங்கு. கான்கிரீட் போடும்போது தண்ணீர் மேலே ஏறி மேல்கம்பியின் அடியில் தங்கிவிடும், அங்கே பிடிப்பு குறையும் என்பதால் மேல்கம்பிக்கு இந்தக் கூடுதல் கெடுபிடி. 16 எம்எம் கம்பிக்கு வெளியே 32 எம்எம் இருக்க வேண்டிய இடத்தில் வில்லை உடைந்து 28 எம்எம்தான் இருந்தால், மூன்றடி லேப் விதிப்படி ஆறடியாகிவிடுகிறது. கையில் அளவு நாடாவை வைத்துக்கொண்டு நிற்கும் மேஸ்திரி இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார். வில்லையை மாற்றி வைப்பது சுலபம்.

யார் கணக்கில் இந்த எடை ஏறுகிறது என்பதற்கு அரசு வேலைகளில் தெளிவான வழக்கம் இருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில், வரைபடத்தில் காட்டிய லேப் அளவில் சேரும், அதற்கு மேல் தானாக விட்ட லேப்புக்கும் வெட்டி வீணான துண்டுக்கும் பணம் கிடையாது. தனியார் வீடுகளில் கம்பியை வீட்டுக்காரர் வாங்கித் தருகிறார், கூலியை டன் கணக்கில் பேசினால் எடை ஏற ஏறக் கூலியும் ஏறுகிறது. வெட்டும் தாளைத் தயாரிக்க அங்கே யாருக்கும் ஆதாயம் இல்லை. கம்பி வருவதற்கு முன்பே துண்டு நீளம், எண்ணிக்கை, லேப் இடம் மூன்றையும் பொறியாளரிடம் எழுதி வாங்கிக்கொண்டால் சண்டைக்கு இடமிருக்காது.

லேப்பை ஒழித்துக்கட்ட வழியும் இருக்கிறது. பெரிய கட்டடங்களில், பாலங்களில், முனையில் மரை வெட்டிக் கப்ளர் என்ற இரும்புக் குழலால் திருகி இணைக்கிறார்கள். மிகத் தடித்த கம்பியைப் பொதுவாக லேப் போடக் கூடாது என்பது விதி. 16 எம்எம் வீட்டுப் பில்லரில் கப்ளர், மரை வெட்டும் கூலி எல்லாம் சேர்த்து ஒன்றரை கிலோக் கம்பியின் விலையைத் தாண்டிவிடும் என்பதால் அங்கே யாரும் கேட்பதில்லை.

மீண்டும் மொட்டை மாடிக்கு வந்தால், அங்கே நிற்கும் 72 நீட்டங்களில் 104 கிலோ நிற்கிறது. பத்து வருடம் மழையிலும் வெயிலிலும் துரு பிடித்துக்கொண்டு. சிமெண்ட் பால் அடித்து வைத்தவர்களும், மெலிந்த கான்கிரீட்டால் மூடி வைத்தவர்களும், வேண்டும்போது அதை உடைத்து நல்ல கம்பியை வெளியே எடுக்கிறார்கள். மற்ற இடங்களில் மாடி எடுக்கும் நாளில் பார் பெண்டர் முதலில் செய்ய வேண்டியது கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு, தடிமன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்ப்பது. செதில் செதிலாக உதிர்ந்தால் அந்த மூன்றடியை நம்ப முடியாது. வேண்டிய ஆழம் துளைத்து ரசாயனப் பசை வைத்துப் புதுக் கம்பி நடும் வேலைக்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கும். ஓர் அடி மட்டும் விட்டு வைத்த வீட்டிலும் கதை அதேதான்.